வாராந்திர அறை அறிக்கை: 10.11.2025 முதல் 16.11.2025 வரை

பெறுநர்: உரிமையாளர் ஐயா அவர்கள்
அனுப்புநர்: மேலாளர், கும்பகோணம்
நாள்: 17.11.2025

ஐயா, வணக்கம்.

போன வாரத்தை விட 14 அறை குறைவாகத்தான் போயிருக்கிறது. ஆனாலும் வசூல் கூடியிருக்கிறது. இதில் ஒரு விஷயம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

| நாள் | போன அறை | சராசரி வாடகை (ரூ.) | வசூல் (ரூ.) |
|---|---|---|---|
| திங்கள் | 19 | 2,150 | 40,850 |
| செவ்வாய் | 17 | 2,100 | 35,700 |
| புதன் | 20 | 2,150 | 43,000 |
| வியாழன் | 24 | 2,200 | 52,800 |
| வெள்ளி | 33 | 2,500 | 82,500 |
| சனி | 41 | 2,800 | 1,14,800 |
| ஞாயிறு | 28 | 2,350 | 65,800 |
| மொத்தம் | 182 | 2,393 | 4,35,450 |

ஜிஎஸ்டி சேர்க்காத கணக்கு. 42 அறை, 7 நாள், ஆக 294.

| | இந்த வாரம் | போன வாரம் |
|---|---|---|
| ஆக்குபன்சி | 61.9% | 66.7% |
| சராசரி வாடகை | ரூ.2,393 | ரூ.2,190 |
| ரெவ்பார் (வசூல் ÷ 294) | ரூ.1,481 | ரூ.1,460 |
| ஆன்லைன் கமிஷன் | ரூ.34,632 | ரூ.21,600 |
| கமிஷன் போக ரெவ்பார் | ரூ.1,363 | ரூ.1,387 |

போன வாரம் ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு வந்த கூட்டம். குரூப் வாடகை குறைவு என்றாலும் நேரடியாக வந்தவர்கள். இந்த வாரம் 74 அறை ஆன்லைனில் போனது, 18% கமிஷன். ரெவ்பார் ரூ.21 ஏறியது போலத் தெரிந்தாலும் கைக்கு வந்தது ரூ.6,822 குறைவு. கமிஷன் மேல் வரும் ஜிஎஸ்டி ரூ.6,234 தனி. அறை வரி 5% ஆன பிறகு அதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. இனி கமிஷன் போக உள்ள ரெவ்பாரையும் வாராவாரம் தருகிறேன்.

207 பாத்ரூமில் தண்ணீர் கசிந்து கீழ் அறை சீலிங் ஊறியதால் டைல்ஸ் பெயர்த்துப் போட்டிருக்கிறது. வாரம் முழுக்க பூட்டித்தான் கிடந்தது. 294-இல் அதைக் கழிக்கவில்லை, கழித்தால் எண்கள் வீணாக அழகாகத் தெரியும். நாளை மறுநாள் ரெடியாகிவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கே ஹவுஸ்ஃபுல். அதற்குப் பிறகு வந்த இரண்டு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினோம். அப்படியென்றால் ரூ.2,800 குறைவு. வரும் சனிக்கு ரூ.3,200 வைக்கலாம் என்று நினைக்கிறேன். போனில் நேரே கேட்பவர்களுக்கு ரூ.3,000.

உங்கள் சம்மதம் வேண்டியது இன்னொன்று. நவக்கிரக டூர் ஏஜென்ட் ஒருவர் செவ்வாய், புதன் இரண்டு ராத்திரிக்கும் 12 அறை கேட்கிறார், ரூ.1,500-க்கு. இந்த வாரம் அந்த நாட்களில் 25 அறையும் 22 அறையும் சும்மா கிடந்தன. லாண்டரி, கரண்ட், டிபன் எல்லாம் சேர்த்து அறைக்கு ரூ.450 ஆகும், அது போக ரூ.25,200 நிற்கும், கமிஷனும் கிடையாது. கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அடுத்த அறிக்கையில் சராசரி வாடகை இறங்கியிருக்கும், அதைப் பார்த்து யோசிக்க வேண்டாம். வெள்ளி, சனிக்கு மட்டும் இந்த ரேட் எவருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

இன்று மாலை 6 மணிக்குள் போனில் சரி என்று சொன்னால் அட்வான்ஸ் வாங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
மேலாளர்