மழைநீர் வடிகால் பணி: அளவுப் பட்டியலில் உள்ள முரண்பாடுகளுக்கு விளக்கம் கோரும் கடிதம்

நாள்: 10.06.2025

அனுப்புநர்
முதல் வகுப்பு ஒப்பந்ததாரர்

பெறுநர்
நகராட்சிப் பொறியாளர் அவர்கள்
நகராட்சி அலுவலகம்

ஐயா,

பொருள்: மார்க்கெட் தெருவில் 420 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் வடிகால் கட்டும் பணி – அளவுப் பட்டியலில் விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு எண் 7/2025-26.

வணக்கம். மேற்படி பணிக்கு விலைப்புள்ளி தயார் செய்யும்போது, அளவுப் பட்டியலும் வரைபடமும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை.

முக்கியமானது வரிசை எண் 4, எம்20 கான்கிரீட். பட்டியலில் 115.20 கன மீட்டர் என்று உள்ளது. வரைபடத்தின்படி வடிகாலின் உள்அகலம் 0.60, உள்ஆழம் 0.75, சுவரும் அடித்தளமும் 0.15 மீட்டர் கனம். அடித்தளத்துக்கு 0.135, இரண்டு சுவருக்கு 0.225, ஆக மீட்டருக்கு 0.36 கன மீட்டர். 420 மீட்டருக்கு 151.20 வர வேண்டும். தட்டச்சில் இலக்கம் இடம் மாறியதாக இருக்கலாம். ஆனால் 115.20-ஐ 0.36-ஆல் வகுத்தால் சரியாக 320 மீட்டர் வருகிறது. அதனால், 100 மீட்டர் நீளம் பணியிலிருந்து எடுக்கப்பட்டதோ என்ற சந்தேகமும் எழுகிறது.

நேற்று நேரில் போய் டேப் வைத்து அளந்தோம். தொடக்கத்திலிருந்து வாய்க்கால் முகம் வரை 420 மீட்டர் சரியாக இருக்கிறது. நடுவில் விட்டுவிடக்கூடிய நல்ல வடிகால் எதுவும் இல்லை, இடிந்த செங்கல் சாக்கடைதான். மண் தோண்டுதல் 504 கன மீட்டர், பி.சி.சி. 50.40 கன மீட்டர், சென்ட்ரிங் 1,386 சதுர மீட்டர் எல்லாமே 420-க்குத்தான் கணக்கிடப்பட்டுள்ளன. கம்பி 12.10 டன் என்பதும் கன மீட்டருக்கு 80 கிலோ வீதம் 151.20-க்கே பொருந்துகிறது.

வித்தியாசம் 36 கன மீட்டர். கன மீட்டர் 8,500 ரூபாய் என்று வைத்தாலும் 3,06,000 ரூபாய். இந்த அளவிலேயே விலை கேட்டால், யார் குறைந்த விலை என்ற வரிசையே மாறலாம்.

அப்புறம், வரிசை எண் 7, மூடி ஸ்லாப். பட்டியலில் 420 எண்ணிக்கை. ஒரு ஸ்லாப் 0.60 மீட்டர் நீளம் என்று வரைபடம் சொல்வதால் 700 தேவை. அலகு எண்ணிக்கையா, நீள மீட்டரா என்று தெரிவிக்க வேண்டுகிறோம். வண்டல் தொட்டி வரைபடத்தில் 14, பட்டியலில் 10, எது சரி?

இணையத்தில் ஏற்றியுள்ள பி.ஓ.க்யூ. கோப்பில் நாங்கள் கை வைத்தால் விலைப்புள்ளி தள்ளுபடியாகும். எனவே திருத்த அறிவிப்பையும் புதிய கோப்பையும் எல்லா ஒப்பந்ததாரர்களும் பார்க்கும்படி தளத்திலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். கடைசி நாள் 20.06.2025, மாலை 3 மணி. திருத்தம் 17-ஆம் தேதிக்குள் வராவிட்டால் ஒரு வாரம் நீட்டித்துத் தர வேண்டும்.

எங்கள் கணக்குத் தாளும் இடத்தில் எடுத்த அளவுக் குறிப்பும் இணைக்கப்பட்டுள்ளன. எங்கள் கணக்கில் தவறிருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
முதல் வகுப்பு ஒப்பந்ததாரர்