5 ஆ பிரிவில் வகுப்புத் தேர்தல்: ஒரு வாரச் செயல்பாட்டுத் திட்டம்

வகுப்பு: 5 ஆ, 38 மாணவர்கள். பாடம்: சமூக அறிவியல். நாள்: திங்கள் முதல் வெள்ளி வரை, தினமும் ஒரு பாடவேளை, வெள்ளியன்று மட்டும் இரண்டு. இதே திட்டத்தை 5 அ பிரிவிலும் நடத்தவிருக்கும் ஆசிரியருக்காகவும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

எடுத்தவுடன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வெற்றுத் தாளில் பிடித்தவர் பெயரை எழுதிப் போடச் சொன்னேன். எண்ண உட்கார்ந்து நான்காவது தாளைப் பிரித்ததும்தான் உறைத்தது: ஜூன் மாதத்திலிருந்து இந்தக் கையெழுத்துகளைத்தானே திருத்திக்கொண்டிருக்கிறேன்! யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எனக்கு வரிக்கு வரி தெரிந்துவிட்டது. ரகசிய வாக்கு என்று பாடம் நடத்திவிட்டு, ரகசியத்தை நானே உடைத்திருந்தேன். இந்த முறை திட்டம் முழுவதையும் அந்தத் தவறிலிருந்துதான் திருப்பிப் போட்டிருக்கிறேன். சுவரொட்டி, சின்னம், மை எல்லாம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அவர்கள் கற்க வேண்டியது ஒன்றுதான்: என் ஓட்டு யாருக்கு என்று என் உயிர்த்தோழிக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது.

<b>திங்கள்: எதற்குத் தேர்தல்?</b>

பதவி: வகுப்புத் தலைவர். காலம்: ஒரு மாதம். வேலைகள்: நூலக அலமாரியின் சாவி, விளையாட்டு வேளையில் பந்து கொடுத்து வாங்குவது, வாரம் ஒரு முறை வகுப்பின் குறைகளைக் கேட்டு என்னிடம் சொல்வது. பேசுபவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் வேலை கிடையாது. இதை முதல் நாளே அறிவித்துவிட வேண்டும். அந்த அதிகாரத்துக்காகவே போட்டியிடுபவர்கள் உண்டு, அதற்குப் பயந்தே ஓட்டுப் போடுபவர்களும் உண்டு.

தொடங்கும்போது சொல்ல வேண்டியது:

“தேர்தல் அன்று நம் பள்ளிக்கு லீவு விடுவார்களே, ஏன்? நம் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. உங்கள் அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் இந்த வாசலில்தான் வரிசையில் நின்றார்கள். உள்ளே என்ன நடந்தது என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா?”

நிறைய கை தூக்குவார்கள். விரல் மை, வரிசை, போலீஸ், பீப் சத்தம் எல்லாம் வரும். பிள்ளைகள் சொல்வதைப் பலகையில் எழுதிக்கொண்டே, “அட்டை மறைப்பு எதற்கு?” என்ற கேள்வியை மட்டும் வட்டமிட்டுவிட்டு, பதில் சொல்லாமல் விடுங்கள். வியாழக்கிழமை அதற்குத் திரும்புவோம்.

18 வயதில் ஓட்டு என்பது அவர்களுக்குத் தெரியும். 1989 வரை அது 21 ஆக இருந்தது என்றால் ஆச்சரியப்படுவார்கள். உத்திரமேரூர்க் குடவோலையை யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். சொன்னால் பாராட்டுங்கள், ஆனால் ஒரு திருத்தத்தோடு. அங்கே ஓலையில் பெயர்களை எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது குலுக்கல். ஊரார் எல்லோரும் ஓட்டுப் போட்டதாகக் கல்வெட்டில் இல்லை. நிலமும் வீடும் உள்ளவர்களின் பெயர்தான் குடத்துக்குள் போக முடியும் என்றும் இருக்கிறது. பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை, இரண்டையும் குழப்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் குடம் வெள்ளிக்கிழமை நமக்குத் தேவைப்படலாம்.

<b>செவ்வாய்: வேட்பு மனு, சின்னம், சுவரொட்டி</b>

போட்டியிட விரும்புபவர் மனு கொடுக்கலாம். இரண்டு பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். நான்கு பேருக்கு மேல் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்ததைச் சொல்லுங்கள். ஏன் நான்கு என்று கேட்கவே மாட்டார்கள். கூடுதலாக மனு வந்தால் குலுக்கல்.

வேட்பாளர் தனியாக நிற்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஐந்து பேர் கொண்ட குழு இருக்கும். தோற்றாலும் ஒரு பிள்ளை மட்டும் தனியாகத் தோற்றதாக ஆகாது.

சின்னங்கள் நான்கு: இட்லி, டபரா, ரப்பர், சிப்பி. இதுவும் குலுக்கலில்தான். எந்தக் கட்சிக் கொடியிலும் போஸ்டரிலும் பார்த்த சின்னம் வேண்டாம். வீட்டு அரசியல் வகுப்புக்குள் வந்துவிட்டால் அப்புறம் பெற்றோர் கூட்டத்தில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். சின்னம் எதற்கு என்று கேட்டால் கதை இருக்கிறது. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும்.

சுவரொட்டிக்குக் குழுவுக்கு ஒரே ஒரு சார்ட் தாள், ஒரு ஸ்கெட்ச் பேனா டப்பா. இரண்டையும் பள்ளியே தரும். வீட்டிலிருந்து பிளக்ஸ் அடித்து வரக் கூடாது (சிரிக்காதீர்கள், ஒரு அப்பா கேட்டார்). வகுப்பில் ஒட்ட வேண்டிய அறிவிப்பு:

“சுவரொட்டியில் உன் சின்னம், உன் பெயர், நீ செய்யப்போவது மூன்று. அவ்வளவுதான். அடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. வகுப்புத் தலைவரால் செய்ய முடியாததைச் சொல்லக் கூடாது. பின்பலகையில் மட்டும் குத்தலாம், சுவரில் பசை தடவக் கூடாது. மிட்டாய், ஸ்டிக்கர், பென்சில், வீட்டுப்பாடத்தைக் காட்டுவது, எதைக் கொடுத்து ஓட்டுக் கேட்டாலும் அது லஞ்சம். வாங்கினாலும் தவறு. புதன் மாலை மணி அடித்ததும் சுவரொட்டிகளை அவரவரே கழற்ற வேண்டும்.”

கடைசி விதி பிள்ளைகளுக்குப் புதிது. உண்மையான தேர்தலில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் நிற்க வேண்டும். ஆட்டோவில் ஒலிபெருக்கி திடீரென்று அடங்கிப்போகும் அந்த மாலையை அவர்கள் கேட்டிருப்பார்கள், காரணம் தெரிந்திருக்காது.

<b>புதன்: வாக்குறுதி நேரம்</b>

ஒவ்வொரு வேட்பாளருக்கும் இரண்டு நிமிடம் பேச்சு, மூன்று கேள்வி. “தினமும் பி.டி. பீரியட்” என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். நீங்கள் மறுக்காதீர்கள். “அதை முடிவு செய்வது யார்?” என்று வகுப்பைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

<b>வியாழன்: மறைப்பு எதற்கு?</b>

பிரசாரம் இல்லாத நாள். திங்களன்று வட்டமிட்ட கேள்வியை இன்று எடுக்கிறோம். முதலில் வேண்டுமென்றே ஒரு மோசமான தேர்தல் நடத்துங்கள்: “நாளை மதியம் கொக்கோவா, கபடியா? கை தூக்குங்கள்.” பாதிப் பேர் கையைத் தூக்கும் முன் திரும்பிப் பார்ப்பதைப் பார்க்கலாம். அப்புறம் அதே கேள்வியைத் துண்டுத் தாளில் டிக் செய்து மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் பலகையில் எழுதுங்கள். மாறியிருந்தால், ஏன் மாறியது என்று கேளுங்கள். மாறாவிட்டால், கை தூக்கும்போது திரும்பிப் பார்த்தவர்கள் யாரைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

பிறகு இருவர் நடித்துக் காட்ட வேண்டும்:

“எனக்குத்தானே போடுவ?”
“அதைச் சொல்லக் கூடாதுடா.”
“அப்ப எனக்குப் போட மாட்டியா?”
“உனக்குப் போட்டாலும் சொல்ல மாட்டேன், போடாட்டியும் சொல்ல மாட்டேன்.”

கடைசி வரியை வகுப்பு முழுவதும் இரண்டு முறை சேர்ந்து சொல்லட்டும். பத்து வயதில் நண்பனிடம் ‘இல்லை’ என்று சொல்வது கஷ்டம். இந்த வரி கையில் இருந்தால் ‘இல்லை’ என்றே சொல்ல வேண்டியதில்லை.

<b>வெள்ளி: வாக்குப்பதிவு</b>

வாக்குச்சீட்டில் இருக்க வேண்டியது:

“5 ஆ வகுப்புத் தலைவர் தேர்தல். ஒரே ஒரு சின்னத்துக்கு எதிரே உள்ள கட்டத்தில் டிக் செய்யவும். பெயர், கையெழுத்து, படம் எதுவும் போட வேண்டாம். உள்பக்கமாக இரண்டாக மடித்துப் பெட்டியில் போடவும்.
இட்லி ☐
டபரா ☐
ரப்பர் ☐
சிப்பி ☐”

38 சீட்டு மட்டும் நகல் எடுங்கள். சீட்டில் வரிசை எண் வேண்டாம். மறைப்புக்கு டீவி அட்டைப்பெட்டியை மூன்று பக்கமும் நிற்கும்படி வெட்டி மேசை மேல் வைத்திருக்கிறேன். ஓட்டுப் போடுபவரின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கும்படி வைக்காதீர்கள், வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே நூல் கட்டிய ஒரே நீலப் பேனா. ஆளுக்கொரு பேனா கொண்டுவந்தால், பச்சை மையில் டிக் போட்டவர் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும்.

பெட்டி, ஒரு செருப்புப் பெட்டி. தொடங்கும் முன் நான்கு முகவர்களும் கவிழ்த்துக் காலி என்று பார்த்து, ஒட்டிய தாளின் மேல் கையெழுத்துப் போட வேண்டும். மேசையில் மூன்று அலுவலர்கள்: ஒருவர் வருகைப் பதிவேட்டில் பெயர் பார்ப்பார், ஒருவர் கையெழுத்து வாங்கி மார்க்கரால் இடது ஆள்காட்டி விரலில் கோடு போடுவார், ஒருவர் சீட்டுத் தருவார். 1962 முதல் நம் தேர்தல்களுக்கு மைசூரில்தான் அழியா மை தயாராகிறது, அதில் வெள்ளி நைட்ரேட் இருப்பதால்தான் தோலில் பிடித்துக்கொள்கிறது என்பதை வரிசையில் நிற்கும்போது சொல்லலாம். நம் மார்க்கர் சாயங்காலமே போய்விடும், அம்மாக்கள் கவலைப்பட வேண்டாம்.

நான் ஓட்டுப் போடுவதில்லை. பெட்டி இருக்கும் பக்கமும் போவதில்லை.

எண்ணுவது இடைவேளைக்குப் பிறகு, எல்லோர் முன்னாலும். முதலில் சீட்டுகளைப் பிரிக்காமல் எண்ணிக் கையெழுத்துகளோடு ஒப்பிட வேண்டும். அன்று 35 பேர் வந்திருந்தால் 35 சீட்டு. பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து எல்லோருக்கும் காட்டிப் பலகையில் கோடு. இரண்டு டிக் இருந்தால் செல்லாது. பெயர் எழுதியிருந்தாலும் செல்லாது, உண்மைத் தேர்தலிலும் யார் என்று அடையாளம் காட்டும் சீட்டைத் தள்ளிவிடுவார்கள். பெயரை வாய்விட்டுப் படிக்காமல் மடித்துத் தனியே வையுங்கள். வெற்றுச் சீட்டைத் திட்டாதீர்கள். நால்வரில் யாரையும் பிடிக்காதவர் அதைத்தான் செய்ய முடியும்.

எண்ணிக்கையை மறைக்கலாமா என்று நிறைய யோசித்தேன். இரண்டே ஓட்டு வாங்கிய பிள்ளையின் முகத்தை நினைத்தால் மனசு கேட்கவில்லை. ஆனால் “டபரா ஜெயித்தது, நம்புங்கள்” என்று சொல்வது ஐந்து நாள் பாடத்தையும் அழித்துவிடும். அதனால் எண்ணிக்கை முழுவதும் பலகையில் இருக்கும், ‘டெபாசிட் போச்சு’ என்ற சொல் மட்டும் வகுப்பில் வராது. எண்ணத் தொடங்கும் முன்பே நான்கு குழுவும் கை குலுக்கிக்கொள்ள வேண்டும். முடிவு தெரிந்த பிறகு கேட்டால் அது நடிப்பாகிவிடும்.

சமமாக வந்தால் மறுதேர்தல் இல்லை. உண்மைத் தேர்தலிலும் சட்டப்படியே சீட்டுக் குலுக்கல்தான். சத்துணவு அக்காவிடம் ஒரு சின்னக் குடம் கேட்டு வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லலாம்.

முடிந்ததும் சீட்டுகளைக் கேட்டுப் பிள்ளைகள் மேசையை மொய்ப்பார்கள். டிக் போட்ட விதத்தைப் பார்த்து யாருடையது என்று கண்டுபிடிக்கும் ஆசை. யார் கையிலும் கொடுக்காமல், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காகக் கிழித்துக் கைவினைப் பாடத்தின் காகிதக் கூழ் வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.