கடலூர், புதுச்சேரி பக்கம் க்யூ.சி. வேலை தேடுகிறேன்

கூட வேலை பார்த்தவர்களுக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவர்களுக்கும் வணக்கம்.

நான் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். நான் ஏழு வருடமாக வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனி, தன்னுடைய ஆய்வகத்தை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறது. என்னையும் வரச் சொன்னார்கள். பையன் இரண்டாம் வகுப்பு, மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மஞ்சக்குப்பத்தை விட்டு இப்போது என்னால் நகர முடியாது. ஆகஸ்ட் 31 கடைசி நாள்; செப்டம்பர் முதல் தேதியே வேறு இடத்தில் சேர்ந்துவிடலாம்.

எம்.எஸ்சி. வேதியியல் முடித்து டிரெயினியாகச் சேர்ந்தேன், இப்போது சீனியர் எக்ஸிகியூட்டிவ். எச்.பி.எல்.சி., ஜி.சி., டிசொல்யூஷன், கார்ல் ஃபிஷர் எல்லாம் என் கையால் ஓட்டியவை. கடைசி இரண்டு வருடம் ஸ்டெபிலிட்டி பிரிவு முழுவதும் என் பொறுப்பு. சேம்பரிலிருந்து எந்த சாம்பிளை எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்ற அட்டவணை முதல் ரிப்போர்ட் வரை நானே பார்த்தேன். எம்பவரில் ஆடிட் ட்ரெயில் ரிவியூவும் செய்கிறேன்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, லிமிட்டைத் தாண்டி ஒரு ரிசல்ட் வந்தால் அது ஏன் வந்தது என்று தேடுவதுதான். ஒரு நவம்பரில், ஈரத்தை இழுக்கும் மூலப்பொருள் ஒன்றில் தண்ணீரின் அளவு 0.5 சதவீத லிமிட்டைத் தாண்டி 0.7 வந்தது. "இன்னொரு தடவை போட்டுப் பாருங்க, பாஸ் ஆயிடும்" என்றார்கள். காரணம் தெரியாமல் திரும்பப் போடுவதில்லை என்று நின்றேன். சோடியம் டார்ட்ரேட் போட்டுப் பார்த்ததில் கருவி சரியாகவே இருந்தது. அப்புறம் தராசு அறையின் ஈரப்பத ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மழை தொடங்கிய வாரத்தில் டிஹியூமிடிஃபையர் பழுதாகி, அறை ஈரப்பதம் 78 சதவீதம் வரை போயிருந்தது. க்யூ.ஏ. அனுமதியோடு அதே சாம்பிளை ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் திறந்து வைத்துச் சோதித்தோம். தண்ணீர் படிப்படியாக ஏறியது கண்முன்னே தெரிந்தது. அதைக் காட்டிய பிறகுதான் மறுசோதனை, அதில் பாஸ். எடை போடும் முறையையும் எஸ்.ஓ.பி.யில் மாற்றி எழுதினோம். கடற்கரை ஊரில் இருக்கும் எந்த ஆய்வகத்துக்கும் இந்தச் சிக்கல் வரும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எனக்குப் பொருத்தமானவை: க்யூ.சி.யில் பிரிவுப் பொறுப்பு, ஸ்டெபிலிட்டி, அல்லது க்யூ.ஏ.வில் விசாரணை, கேபா, ஆவணங்கள் பார்க்கும் வேலை. 2023 டிசம்பரில் ஷெட்யூல் எம் திருத்தப்பட்ட பிறகு, சின்ன மருந்துத் தொழிற்சாலைகளும் ஆவணங்களை ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி ஓர் இடத்தில் எஸ்.ஓ.பி.களைத் தொடக்கத்திலிருந்து எழுதவும் நான் தயார். சிப்காட் பக்கம் கெமிக்கல் கம்பெனி ஆய்வகம் என்றாலும் சரி. கழிவுநீர்ச் சோதனை, சி.ஓ.டி., பி.ஓ.டி. போன்றவற்றைக் கல்லூரியில் செய்ததோடு சரி, அதில் பயிற்சி தேவைப்படும். மைக்ரோபயாலஜியும் மார்க்கெட்டிங்கும் எனக்கு வராது, அவற்றுக்கு என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை குடிகாடு, செம்மங்குப்பம், கிருமாம்பாக்கம் என்றால் தினமும் போய்வர எந்தச் சிரமமும் இல்லை. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு என்றால் கம்பெனி பஸ் இருந்தால் நல்லது. பகல் ஷிஃப்ட், ஜெனரல் ஷிஃப்ட் இரண்டும் சரி. இரவு ஷிஃப்ட் மட்டும் இப்போதைக்கு முடியாது. இப்போது மாதம் 34,000 வாங்குகிறேன். 38,000 எதிர்பார்க்கிறேன், நல்ல ஆய்வகம் என்றால் பேசிக்கொள்ளலாம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கம்பெனியில் இடம் காலியாக இருக்கிறதோ இல்லையோ, க்யூ.சி. அல்லது க்யூ.ஏ. தலைமையில் இருப்பவரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். நம் பக்கத்தில் பாதி இடங்கள் விளம்பரம் வருவதற்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. என்னுடன் வேலை பார்த்தவர்கள் நான் எப்படிப்பட்டவள் என்று கீழே இரண்டு வரி எழுதினால் அது பெரிய உதவி. முன்பணம் கேட்கும் ஏஜென்சிகள் தயவுசெய்து தொடர்புகொள்ள வேண்டாம்.

இன்பாக்ஸில் செய்தி அனுப்பினால் ரெஸ்யூமே உடனே அனுப்புகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் போனில் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.