ஒன்றரை லட்சம்

சிங்கப்பூர்ல மணி ஒன்னாகப் போகுது, பேராவூரணி பக்கம் பத்தரை. அந்த ரெண்டரை மணி நேர வித்தியாசத்துலதான் ரெண்டு வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்துறாங்க முருகேசனும் கவிதாவும். சாதாரணமா ஒம்போது மணிக்கெல்லாம் பேசி முடிச்சிருவாங்க, பையன் தூங்குறதுக்கு முன்னாடி. இந்த மூணு மாசமாதான் முருகேசன் லேட்டா கூப்பிடுறான், ஓவர்டைம் பாத்துட்டு வந்தேன், குளிச்சேன், சாப்பிட்டேன்னு தினம் ஒரு காரணம், அதுலயும் லைட்ட போடாம, ரூமுல எல்லாரும் தூங்குறாங்கன்னு சொல்லிட்டு முகத்த மட்டும் காட்டுவான்.

கவிதாவும் அப்படித்தான். அடுப்பங்கர பக்கத்துல காலண்டர் மாட்டின நீலச் செவுரு, அது முன்னாடி உக்காந்து கழுத்துக்கு மேல மட்டும் தெரியுற மாதிரி போன வச்சுக்குவா. கைய காட்டவே மாட்டா.

"சாப்ட்டியா?"

"ம். நீங்க?"

"ஆச்சு. தம்பி தூங்கிட்டானா?"

"அப்பவே தூங்கிட்டான் மாமா. ஒங்கள கேட்டுட்டே இருந்தான். அப்பா ஏன் இப்பல்லாம் டாட்டா காட்ட மாட்றாருன்னு கேக்குறான்."

முருகேசன் அதுக்கு ஒன்னும் சொல்லல. தோப்பு எப்படி இருக்குன்னு கேட்டான். தோப்பப் பத்தி பேசுனா அவ வேற எல்லாத்தையும் மறந்துருவான்னு அவனுக்குத் தெரியும். 2018 நவம்பர்ல கஜா அடிச்ச ராத்திரி அவங்க தோப்புல நின்ன அறுபது மரத்துல ஒம்போதுதான் மிஞ்சுச்சு. அந்தப் பக்கத்து ஆளுங்க கிட்ட கேட்டுப் பாருங்க, அந்த ஒரு ராத்திரியில நாப்பது வருஷம் பின்னாடி போயிட்டோம்னுதான் சொல்வாங்க, தென்னைய நம்பி கல்யாணம் வச்சவன், தென்னைய நம்பி வீடு கட்டுனவன் எல்லாம் மறுநாள் காலையில வேரோட சாஞ்ச மரத்துக்கு நடுவுல நின்னு அழுதான். இவனும் அழுதான். கன்னு வச்சு தண்ணி ஊத்தி காய் வர்றதுக்கு ஆறேழு வருஷம் ஆகும், அதுவரைக்கும் என்னத்த திங்கிறது? மூணு வருஷம் கூலி வேல பாத்து சமாளிச்சான், முடியல. 2022ல ஏஜென்டுக்கு நாலு லட்சம் கட்டி சிங்கப்பூருக்கு கம்பி கட்டுற வேலைக்கு வந்துட்டான். ரெண்டு வட்டிக்கு வாங்குன காசு, மாசம் எட்டாயிரம் வட்டிக்கே போயிரும்.

"கெணத்து மேட்டுல வச்சது ரெண்டு பாள தள்ளியிருக்கு மாமா. ஒங்களுக்கு போட்டோ அனுப்பலாம்னு..." சொல்லிக்கிட்டு இருக்கும்போதே இருமல் வந்துருச்சு அவளுக்கு. முந்தானைய வாயில வச்சு அடக்கிப் பாத்தா. அடங்கல. அடிவயித்துலருந்து வர்ற வறட்டு இருமல், கடைசியில ஒரு இழுப்பு.

முருகேசன் அப்படியே எந்திரிச்சு உக்காந்துட்டான்.

அந்த இருமல் அவனுக்குத் தெரியும். அவன் அம்மாகிட்ட பதினைஞ்சு வருஷம் கேட்டது. மட்ட மில்லுல நார் உரிச்சு, அந்தத் தூச குடிச்சு குடிச்சு, இப்ப நாலு படி ஏறுனா மூச்சு வாங்குற அம்மா. அதனாலதான் கெளம்புற அன்னைக்கு கவிதா கைய புடிச்சுக்கிட்டு ஒன்னே ஒன்னு கேட்டான், என்ன கஷ்டம் வந்தாலும் மில்லுக்கு மட்டும் போயிராத புள்ள.

"கவிதா. மில்லுக்கு போறியா?"

"சளி மாமா. மழைல நனைஞ்சது."

"என் அம்மா இருமுனத கேட்டு வளந்தவன்டி நான். மில்லுக்கு போறியா?"

அவ பதில் சொல்லல. அவனுக்குத் தலைக்கு ஏறிருச்சு, பக்கத்து கட்டில்ல ஆளு தூங்குறான்ங்கறத கூட மறந்துட்டு கத்த ஆரம்பிச்சான், நான் இங்க எதுக்கு கெடந்து சாவுறேன், நீயும் எங்கம்மா மாதிரி ஆகணும்னா, அத்தைக்கு தெரியுமா, தெரிஞ்சுமா விட்டாங்க, எத்தன நாளா நடக்குது இது. கத்துன வேகத்துல கட்டில் ஆடி, தண்ணி பாட்டில்ல சாச்சு வச்சிருந்த போன் சரிஞ்சது. மேல் கட்டில், விழுந்தா செதறிரும். சட்டுனு எட்டி புடிச்சான்.

இடது கையால புடிச்சான்.

போன் வெளிச்சத்துல அந்தக் கை முழுசா தெரிஞ்சது கவிதாவுக்கு. நடுவெரலும் மோதிர வெரலும் இருக்க வேண்டிய எடத்துல, பாதிக்கு மேல ஒன்னும் இல்ல, தையல் போட்ட மொழு மொழுன்னு ரெண்டு கட்டை.

அவன் டக்குனு கைய மறைச்சான். கேமராவுல மேல் செவுரு மட்டும் தெரிஞ்சது.

"மாமா, லைட்ட போடுங்க."

"தூங்குறாங்க புள்ள..."

"லைட்ட போடுங்கன்னு சொல்றேன்ல."

அவ கொரல் அப்படி வந்து அவன் கேட்டதே இல்ல. கீழ் கட்டில்ல இருந்த சேகர் அண்ணன் எப்பயோ முழிச்சிருந்தவரு, ஒன்னும் பேசாம எந்திரிச்சு போயி லைட்ட போட்டுட்டு, துண்டையும் எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. மத்தவங்க செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அந்த மாதிரி ரூமுல இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தரணும்னு இல்ல, பன்னெண்டு பேரு ஒரே ரூமுல இருக்கும்போது அடுத்தவன் அழுறப்ப முகத்த எந்தப் பக்கம் திருப்பிக்கணும்னு எல்லாருக்கும் தெரியும்.

அவன் கைய காட்டுனான். அவ போன கிட்ட கொண்டு வந்து ரொம்ப நேரம் பாத்தா. அழுவான்னு நெனச்சான். அழல.

"எப்ப?"

"ஜூன்ல. கம்பி வளைக்கிற மெஷின்ல. நான் கைய எடுக்குறதுக்குள்ள அந்தப் பக்கம் இருந்தவன் பெடல மிதிச்சுட்டான். அவன் மேல தப்பு இல்ல, புதுப் பையன்."

"ஜூன்லருந்து இப்ப செப்டம்பர் வரைக்கும் ஓவர்டைம் பாத்தேன் ஓவர்டைம் பாத்தேன்னு சொன்னீங்களே."

"வேலையே பாக்கல புள்ள. எம்.சி.ன்னு மெடிக்கல் லீவு குடுத்திருக்காங்க. பர்மிட்ட கம்பெனி கேன்சல் பண்ணிருச்சு, இப்ப ஸ்பெஷல் பாஸ்ல இருக்கேன், அதுல வேல பாக்க முடியாது. எம்.சி. சம்பளம் மொதல்ல முழுசா வந்துச்சு, அப்புறம் மூணுல ரெண்டு பங்குதான். பழைய மாதிரி வருமா... மிச்சத்த இங்க பசங்ககிட்ட வாங்கி அனுப்புனேன். நீ சந்தேகப்படக் கூடாதுன்னு."

"வூட்டுக்கு வந்திருக்கலாமே."

"எப்படி வர்றது? இன்னும் ஒன்றரை லட்சம் கடன் நிக்குதே. ரெண்டு வெரல் இல்லாம அங்க வந்து என்ன பண்ணுவேன், எவன் கூலிக்கு கூப்பிடுவான். எப்படியாவது இருந்து அந்த ஒன்றரைய அடைச்சிட்டு..."

இப்பதான் கவிதா அழுதா. சத்தமா இல்ல, ஆனா நிக்கவே இல்ல, நடு நடுவுல இருமல் வேற. அவனுக்கு ஒன்னும் புரியல, கவி, கவின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்.

"அந்த ஒன்றரை லட்சம் இல்ல மாமா."

"என்ன இல்ல?"

"கடன் இல்ல. ஆடி மாசமே முடிச்சிட்டேன். பத்திரத்த திருப்பி வாங்கி அத்த பொட்டில வச்சிருக்கேன்."

முருகேசன் வாயத் தொறந்தபடியே இருந்தான்.

ஒன்றரை வருஷமா மில்லு வேல. பையன ஸ்கூல்ல விட்டுட்டு ஒம்போது மணிக்கு போயி சாயந்தரம் அஞ்சுக்கு வருவா, ஒரு நாளைக்கு முந்நூத்தி அம்பது. அந்தக் காச தொடவே இல்ல, அவன் அனுப்புறதுல வட்டி கட்டி வூட்டுச் செலவு பாத்து மிச்சத்தயும் இதயும் சேத்து அசல்ல கட்டிக்கிட்டே வந்திருக்கா, கடைசி நாப்பதாயிரத்துக்கு மகளிர் குழுவுல லோன் போட்டு ஒரேயடியா முடிச்சிட்டா, குழு வட்டி கம்மிங்கிறதால. இதெல்லாம் அவ ஒன்னு ஒன்னா சொல்லும்போது அவனுக்கு பெருமையா இருந்துச்சா கோவமா இருந்துச்சான்னு அவனுக்கே தெரியல. ரெண்டும் இருந்திருக்கும்.

"ஏன்டி சொல்லல?"

"எப்படி கட்டுனன்னு கேப்பீங்களே. என்ன சொல்றது? மில்லுன்னு சொன்னா அன்னைக்கே டிக்கெட் போட்டு வந்திருப்பீங்க. வந்திருந்தா..." அவளால முடிக்க முடியல. ஆடியிலயே சொல்லியிருந்தாலும் வெரல் திரும்பி வந்திருக்காது, அது ஜூன்லயே போயிருச்சு, ஆனா அதுக்கப்புறம் இருட்டுல படுத்துக்கிட்டு இல்லாத கடனுக்காக தெனம் பயந்து கெடந்தானே, அது வேண்டியிருக்காது. அவன் மட்டும் அன்னைக்கே கைய காட்டியிருந்தா அவ மறுநாளே எல்லாத்தையும் சொல்லியிருப்பா. ஒருத்தருக்கு வலிக்கக் கூடாதுன்னு ஒருத்தர் பொத்தி வச்சதுல ரெண்டு பேருக்குமே டபுளா வலி. ஊர்ல பாதி வூட்டுல இப்படித்தான் நடக்குது, போன்ல எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னே சொல்லிக்கிட்டு, எனக்கு இத எழுதும்போது கூட நெஞ்சு அடைக்குது.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவ மூஞ்சத் தொடச்சுக்கிட்டா.

"கம்பெனி என்ன சொல்லுது?"

"மூவாயிரம் வெள்ளி தர்றோம், ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு ஊருக்கு போன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. திங்கக்கெழம போடலாம்னு இருந்தேன். அந்த ஒன்றரை லட்சத்த அடைச்சிரலாம்னு கணக்கு பாத்தேன்."

"போட்டீங்களா?"

"இல்ல. திங்கக்கெழம."

"போடாதீங்க. அங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா, சட்டம் என்னன்னு?"

"சேகர் அண்ணன் சொன்னாரு. வேலைல அடிபட்டா யாரு தப்புன்னு நிரூபிக்க வேண்டாம், ஆஸ்பத்திரி செலவு, எம்.சி. சம்பளம், அப்புறம் டாக்டர் பாத்து கை எவ்வளவு போச்சுன்னு பர்சென்டேஜ் போட்டு குடுத்தா அதுக்கு ஒரு நஷ்ட ஈடு தனியா வரும்னு. இங்க மனிதவள அமைச்சு எம்.ஓ.எம்.ல கேஸ் பதிவாயிருக்கு. டாக்டர் இன்னும் பர்சென்டேஜ் போடல, கை முழுசா ஆறணுமாம். லிட்டில் இந்தியாவுல கஃப் ரோட்டுப் பக்கம் டிடபிள்யூசி2ன்னு வெளிநாட்டுத் தொழிலாளிங்களுக்கு ஒதவுற அமைப்போட ஆளுங்க இருக்காங்க, என்ன மாதிரி வேல இல்லாதவங்களுக்கு சாப்பாடும் போடுறாங்க, கேசுக்கும் வழி சொல்றாங்க. நான்தான் போகல."

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு."

"நாளைக்கு போங்க. பேப்பர் எல்லாம் எடுத்துக்கிட்டு போங்க, ஆஸ்பத்திரி சீட்டு ஒன்னு விடாம. அங்க சாப்பிடவும் செய்யிங்க, மூஞ்சி எப்படி வத்திக் கெடக்கு பாருங்க."

"சரி. நீ மில்லுக்கு போகாத."

"கடன் முடிஞ்சாலும் குழு லோன் இருக்குல்ல மாமா, இன்னும் ஏழு தவண."

"கவிதா."

"சரி, போகல. நாத்து நடவு இருக்கு, கத்திரி தோட்டத்து வேல இருக்கு, வேற பாத்துக்கிறேன். பட்டுக்கோட்டைல நெஞ்சு டாக்டர பாத்துட்டு ஒங்களுக்கு சீட்ட போட்டோ எடுத்து அனுப்புறேன், போதுமா? ஆனா நீங்களும் எல்லாத்தையும் அனுப்பணும். கைய தெனம் காட்டணும். தம்பிக்கும் காட்டணும்."

"அவன் பயந்துருவான்."

"பயந்தா பயப்படட்டும், ரெண்டு நாள்ல பழகிரும். அப்பா கை அது."

அவன் தலைய ஆட்டுனான். அவ எந்திரிச்சு போனா, போன் அப்படியே செவுத்துல சாஞ்சிருந்துச்சு, மொத தடவையா அந்த நீலச் செவுத்த விட்டுட்டு அவ முழுசா நடந்து போறத பாத்தான், ரொம்ப எளச்சுப் போயிருந்தா. திரும்பி வரும்போது கையில தம்பியோட பழைய நோட்டும் பேனாவும் இருந்துச்சு. இந்தத் தடவ கைய மறைக்கல. வெரல் முழுக்க நார் கிழிச்ச தழும்பு.

"சொல்லுங்க. யார் யார்கிட்ட எவ்வளவு வாங்குனீங்க?"

"இப்பவா? மணி ரெண்டாகுது இங்க."

"இப்பதான். சொல்லுங்க."

"சேகர் அண்ணன்ட்ட நானூறு வெள்ளி."

எழுதுனா. "அப்புறம்?"

"கறம்பக்குடி பையன்ட்ட எரநூறு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"மாமா."

"...கடையில ஒரு தொண்ணூறு."