காசிமேடு மருத்துவ முகாம்: இரத்த அழுத்தம், சர்க்கரை, மேல்சிகிச்சைப் பரிந்துரை – வயதுவாரித் தொகுப்பு

29 மே 2025

முகாம் மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். மே 25, ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் பிற்பகல் 1.30 வரை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த சமுதாயக் கூடத்தில் நடந்த முகாமின் கையெழுத்துத் தாள்கள் அனைத்தையும் கணினியில் ஏற்றி முடித்துவிட்டோம். அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தெரிவிக்க வேண்டும். இரத்த அழுத்தம் 180/110-ஐத் தொட்டும் அல்லது சர்க்கரை 200-ஐத் தாண்டியும், பரிந்துரைக் கட்டத்தில் எதுவுமே எழுதப்படாத தாள்கள் ஐந்து இருக்கின்றன. அவற்றில் மூன்று, 30 முதல் 44 வயதுக்குட்பட்ட விசைப்படகுத் தொழிலாளர்களுடையவை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிகிறது. அதன் பிறகு படகு ஏறிவிட்டால் பல நாள் கரைக்கு வர மாட்டார்கள். ஆகையால் இந்த ஐவரின் தாள் எண்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மற்ற எதற்கும் முன்னதாக அதைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கைக்கு வந்த தாள்கள் 218. ஐந்து பேருக்கு அழுத்தம் ஒரு தாளிலும் சர்க்கரை இன்னொரு தாளிலும் எழுதப்பட்டிருந்ததால், பெயர், தெரு, வயது மூன்றும் ஒத்துப்போவதைச் சரிபார்த்து அவற்றை ஒன்றாக்கினோம். ஒரு தாளில் பெயரும் வயதும் தவிர வேறெதுவும் இல்லை, அதை விட்டுவிட்டோம். எஞ்சியவர்கள் 212 பேர்: பெண்கள் 118, ஆண்கள் 94.

| வயது | வந்தவர்கள் | அழுத்தம் பதிவானவர்கள் | 140/90 அல்லது மேல் | அதில் 180/110 அல்லது மேல் | சர்க்கரை பதிவானவர்கள் | 140–199 | 200 அல்லது மேல் | பரிந்துரை |
|---|---|---|---|---|---|---|---|---|
| 18–29 | 27 | 27 | 2 | 0 | 19 | 1 | 0 | 1 |
| 30–44 | 58 | 57 | 15 | 2 | 52 | 9 | 8 | 13 |
| 45–59 | 71 | 70 | 29 | 4 | 69 | 17 | 19 | 24 |
| 60-க்கு மேல் (60 உட்பட) | 52 | 51 | 27 | 3 | 50 | 12 | 14 | 21 |
| வயது எழுதப்படவில்லை | 4 | 4 | 1 | 0 | 3 | 0 | 1 | 1 |
| மொத்தம் | 212 | 209 | 74 | 9 | 193 | 39 | 42 | 60 |

மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டில் எது வரம்பைத் தொட்டாலும் அந்த வரிசையில் சேர்த்திருக்கிறோம். 18 தாள்களில் சிறிது நேரம் உட்காரவைத்து மீண்டும் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டாவது அளவையே எடுத்துக்கொண்டோம். சர்க்கரை முழுவதும் விரல் நுனியில் குத்தி, அந்த நேரத்தில் கருவியில் பார்த்த அளவு (மி.கி./டெ.லி.). சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்ற விவரம் 64 தாள்களில் மட்டுமே இருப்பதால், 140–199 வரிசையை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். காலை இட்லி சாப்பிட்டு அரை மணியில் வந்தவரும், வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றவரும் அதே வரிசையில்தான் இருக்கிறார்கள். ஒரே ஒரு முறை பார்த்த அழுத்தத்தை வைத்தோ, ஒரே ஒரு முறை பார்த்த சர்க்கரை அளவை வைத்தோ நோய் என்று முடிவு கட்ட முடியாது என்பதால், எந்த வரிசைக்கும் நோயின் பெயரை வைக்கவில்லை.

விழுக்காடு கணக்கிடும்போது வந்தவர்கள் எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. பதிவானவர்கள் எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும். சர்க்கரை பதிவாகாத 19 பேரில் 12 பேருக்கு, பகல் 12.30-க்கு மேல் பரிசோதனைப் பட்டைகள் தீர்ந்துபோனதால் பார்க்க முடியவில்லை. ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டு தாள்களில் எண் படிக்க முடியவில்லை. அழுத்தம் பதிவாகாத மூவரில் இருவருக்கு ‘நார்மல்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதை 120/80 என்று நாங்களாக நிரப்பவில்லை. வெற்றுக் கட்டத்தைக் கணினி பூச்சியமாக எண்ணிவிடாதிருக்க, E, F நிரல்களில் அழுத்தத்தை வைத்து இப்படிக் கணக்கிட்டோம்:

```
=IF(COUNT(E2:F2)<2,"",IF(OR(E2>=140,F2>=90),1,0))
```

தாள்களை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் தட்டச்சு செய்தோம். பின்னர் இடம் மாறி, முழுவதையும் இன்னொரு முறை ஒப்பிட்டோம். அப்படிப் பார்த்தபோதுதான் இரண்டாம் மேசையின் கோளாறு தெரிந்தது. அங்கே கையால் காற்றடித்துப் பார்த்த அளவுகள் அனைத்தும் பூச்சியத்தில் முடிகின்றன. சரியாக 140/90 என்று மட்டும் 21 தாள்கள். 138/88-ஐயும் 142/92-ஐயும் ஒன்றுபோல் 140/90 என்று எழுதியிருக்கக்கூடும். அந்த 21 பேரையும் விலக்கினால் 74 என்பது 53 ஆகிவிடும். ஆகவே உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். 180/110-ஐத் தாண்டிய ஒன்பது பேரை இந்தச் சந்தேகம் தொடாது.

வயதிலும் இதே சிக்கல் உண்டு. “நாப்பத்தஞ்சு இருக்கும்னு போட்டுக்க கண்ணு” என்று சொன்ன அம்மாக்கள் பலர். 45 என்று 14 தாள்களிலும், 60 என்று 17 தாள்களிலும் இருக்கிறது. 43 வயதுக்காரர் 45 என்று சொல்லியிருந்தால் அடுத்த பிரிவுக்குப் போயிருப்பார். இதனால் பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளுக்கு இடையே இரண்டு மூன்று பேர் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 30–44 பிரிவில் அழுத்தம் பார்த்த 57 பேரில் 15 பேருக்கு வரம்பைத் தாண்டியிருப்பது அப்படி ஒதுக்கிவிடக்கூடியதன்று. தடைக்காலம் என்பதால்தான் இந்த வயது ஆண்கள் இத்தனை பேர் வந்தார்கள். மற்ற மாதங்களில் முகாம் வைத்தால் இவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். அடுத்த ஆண்டும் முகாமைத் தடைக்காலத்திலேயே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அழுத்தம் கூடிய 74 பேரில் 31 பேர் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சர்க்கரை 200-ஐத் தொட்ட 42 பேரில் 25 பேருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பது முன்பே தெரியும். 17 பேர் அன்றுதான் முதன்முறையாக அந்த எண்ணைக் கேட்டார்கள். ஆறு தாள்களின் ஓரத்தில் ‘மாத்திரை தீர்ந்துவிட்டது’ என்ற குறிப்பு இருக்கிறது. இவர்களை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சேர்த்தால் மாத்திரை வீட்டுக்கே வரும் என்பதால், அந்தத் தாள் எண்களையும் தனித்தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

பரிந்துரை எழுதப்பட்ட 60 பேரில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு 11 பேர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 39 பேர், எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு 4 பேர். மீதி ஆறு தாள்களில் எங்கே போக வேண்டும் என்பது இல்லை. 87-ஆம் எண் தாளை நேரில் பார்த்தால் புரியும்: அழுத்தம் 188/112, வியர்வை பட்டு மை கலைந்திருக்கிறது, பரிந்துரைக் கட்டத்தில் ஒரு டிக் மட்டும். அந்த அம்மாள் அந்தச் சீட்டோடு எங்கே போயிருப்பார் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. இந்த ஆறு பேருக்கும் இடத்தைத் தாங்கள் முடிவு செய்து சொன்னால், தெருவுக்குத் தெரிந்த தன்னார்வலர்கள் ஜூன் 2-ஆம் தேதிக்குள் வீடு தேடிப் போய்ச் சொல்லிவிடுவார்கள்.

அட்டவணைக் கோப்பில் பெயரும் தொலைபேசி எண்ணும் கிடையாது. தாள் எண் மட்டுமே இருக்கிறது. மூலத்தாள்கள் எண் வரிசைப்படி கட்டப்பட்டு, பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. அதன் சாவியை இந்த அறிக்கையோடு தங்களிடம் ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
முகாம் பதிவுகளைத் தொகுத்த தன்னார்வலர்
காசிமேடு, சென்னை