பதினான்கு பெட்டிகள்

மளிகைக் கடையில் கேட்டு வாங்கிவந்த பதினான்கு அட்டைப்பெட்டிகளின் அடியில்
பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்;
ஆடி பிறப்பதற்குள் மேற்கு மாம்பலத்து மாடிப் போர்ஷனைக் காலி செய்து
மடிப்பாக்கத்து வாடகை வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும்.

முதலில் எடுத்தது எவர்சில்வர் குத்துப்போணி.
அம்மாவின் திருமணத்துக்கு மாமா தந்த அதன் விளிம்பில்
பெயர் வெட்டியவர் அவசரத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டதால்
‘அன்பளிப்பு’ இன்றுவரை ‘அனபளிப்பு’ என்றே இருக்கிறது;
அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான்
அம்மா அதை எப்போதும் கவிழ்த்து வைப்பாள், இன்றும் அப்படியே செய்தாள்.

மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் சொல்ல ஒன்றும் இல்லை, சுற்றிக் கட்டியாயிற்று.

பச்சைப் பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தில் நகப்பூச்சால் எழுதிய 7
2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையில் நின்ற வரிசையில்
எங்கள் இடம் எது என்பதை இன்னும் மறக்கவில்லை.

மர அலமாரியை நகர்த்த இருவர் வேண்டும்.
சைதாப்பேட்டையில் கீழ்வீட்டில் குடியிருந்தபோது,
2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் இரவோடு இரவாக உள்ளே வந்து
எந்த உயரத்தில் நின்றது என்பதை
இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடாக அது வைத்திருக்கிறது.
கோட்டுக்குக் கீழே உள்ள இழுப்பறை
மழைக்காலம் வந்தால் உப்பிக்கொண்டு திறக்க மறுக்கும்;
அதனுள்ளே அன்று நனைந்த ஆல்பத்தில்
அப்பாவின் படமும், எதிர்ப்பக்கத்தில் இருந்த என் ஐந்தாம் வகுப்புக் குழுப்படமும்
முகத்தோடு முகம் ஒட்டிக் காய்ந்து கிடக்கின்றன.
பிரித்தால் இரண்டும் கிழியும் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதிலிருந்து
நான்கு ஆண்டு வாடகை ஒப்பந்தங்களுக்கும் அடியில்
அதைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு போகிறோம்.

சுவருக்கு வெள்ளையடிக்க என்று
அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதாக
வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.
கதவு நிலையில் மகளின் உயரத்தைக் குறித்த
ஆறு பென்சில் கோடுகளும் அந்தக் கணக்கில் அடக்கம்;
அவற்றை அழிக்கும் கூலியை நாங்கள்தான் கொடுக்கிறோம்.

அவள் அதைக் கேட்டபடி நின்றாள், எதுவும் சொல்லவில்லை.
பெட்டி கட்டும் சணலில் ஒரு துண்டை வெட்டி
நிலையின் அடியில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து மேலே இழுத்து,
கோடு வந்த இடத்திலெல்லாம் ஒரு முடிச்சுப் போட்டாள்;
நான்காவது முடிச்சு சற்றுத் தள்ளி விழுந்துவிட,
பல்லால் கடித்து அவிழ்த்து மறுபடியும் போட்டாள்.

குட்டியானை நாளைக் காலை ஏழு மணிக்கு வந்துவிடும்.
பதிமூன்று பெட்டிகள் கட்டியாகிவிட்டன.
குத்துப்போணி இருக்கும் பெட்டிக்கு மட்டும் சணல் போதவில்லை;
அவளிடம் நான்கடி இருக்கிறது,
கேட்டால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறாள்.