தரம் 4 மாணவி அபிஷாவின் ஆஸ்துமா நோய், மருந்துகள் மற்றும் அவசர வேளையில் செய்ய வேண்டியவை தொடர்பாக

ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு மாவட்டம்.
30.01.2025

வகுப்பாசிரியை அவர்கள்,
தரம் 4 ஆ.
அதிபர் ஊடாக.

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

இவ்வருடம் தங்கள் வகுப்புக்கு வந்திருக்கும் என் மகள் சிவகுமார் அபிஷாவுக்கு மூன்றரை வயதிலிருந்து ஆஸ்துமா, அதாவது ஊரில் தொய்வு என்றும் முட்டு என்றும் நாங்கள் சொல்லும் வருத்தம், இருந்து வருகிறது. மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் கிளினிக்குக்குத் தவறாமல் கொண்டுபோய்க் காட்டி வருகிறோம். இக்கடிதத்தில் உள்ள மருந்து அளவுகள் யாவும் வைத்தியர் அவளுடைய கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தவை. அந்தப் பக்கத்தின் போட்டோப் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். அவளுடைய நீல நிறப் பம்ப் எக்காரணம் கொண்டும் பூட்டிய அலுமாரிக்குள் வைக்கப்படக் கூடாது. அவள் முன்னர் படித்த பாடசாலையில் பாதுகாப்புக்கென்று அதைக் காரியாலய அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். முட்டு வந்த அன்று சாவி வைத்திருந்தவர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். சாவி வந்துசேர இருபது நிமிடமாயிற்று. பிள்ளை இரண்டு நாள் வாட்டில் இருந்தாள். யாரும் வேண்டுமென்று செய்த பிழையல்ல என்பதை அறிவேன். ஆயினும் அன்றிலிருந்து இந்த ஒரு விடயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அவளுக்கு இரண்டு பம்புகள் உண்டு. மண்ணிறப் பம்ப் காலையும் இரவும் வீட்டில் பாவிப்பது. சுவாசக் குழாய்களின் வீக்கத்தை நாளடைவில் தணித்து, முட்டு வராமல் தடுப்பதே அதன் வேலை. வந்துவிட்ட முட்டு அதனால் நிற்காது என்பதால் பாடசாலைக்கு அனுப்புவதில்லை. நீல நிறப் பம்பில் இருப்பது சல்பியூட்டமோல். இறுகிய குழாய்களைச் சில நிமிடங்களில் விரித்துவிடும் இந்த மருந்துதான் அவசர வேளையில் தேவை. ஒன்று அவளுடைய புத்தகப் பையின் முன்பக்க உறையிலும், மற்றொன்று ஸ்பேசர் எனப்படும் பிளாஸ்டிக் குடுவையுடன் மஞ்சள் மூடிப் பெட்டியிலும் இருக்கும். அந்தப் பெட்டியைத் தங்கள் மேசை லாச்சியில் பூட்டாமல் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். தகரக் கூரையின் கீழ் வெயில் படும் யன்னலோரம் மட்டும் வேண்டாம். பம்புக்குச் சூடு ஆகாது.

முட்டு பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. அபிஷா முதலில் வறட்டு இருமல் இருமுவாள், பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டு தோள்களை உயர்த்தி மூச்சு வாங்குவாள். கூச்சம் உள்ள பிள்ளை என்பதால் தானாக எழுந்து வந்து சொல்லமாட்டாள் என்பதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "நெஞ்சு இறுக்குதா?" என்று கேட்டால் தலையாட்டுவாள்.

அவ்வாறு கண்டவுடன் அவளை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. கழுத்துப் பட்டியைத் தளர்த்தி, சுற்றிக் கூடும் பிள்ளைகளை விலக்கிவிடுங்கள். பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, அதன் வாய்ப்பகுதியை அவள் உதடுகளால் மூடிக் கவ்விய பின் ஒருமுறை மட்டும் அழுத்தி, அவளை நான்கு தடவை சாதாரணமாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். பிறகு மீண்டும் குலுக்கி அடுத்த அழுத்து. இவ்வாறு ஒவ்வொன்றாக நான்கு அழுத்துகள் கொடுத்து நான்கு நிமிடம் பார்த்திருக்க வேண்டும். குறையாவிட்டால் இன்னும் நான்கு. அதன் பிறகும் குறையவில்லை என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸ் கேட்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. வண்டி வந்து சேரும் வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு அழுத்துகள் தொடர வேண்டும்.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, மூச்செடுக்கும்போது விலா எலும்புகளின் இடையும் தொண்டைக்குழியும் உள்ளே இழுபட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, சோர்ந்து தூக்கம் தூங்கினாலோ, நான்கு நிமிடம் பார்க்காமல் உடனே 1990ஐ அழைத்துவிட்டு மருந்தைத் தொடருங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இழுப்புச் சத்தம் திடீரென நின்று, பிள்ளை இன்னும் திணறிக்கொண்டிருந்தால் அது சுகம் அல்ல. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்பதே அதன் பொருள்.

முட்டுத்தானா என்ற சந்தேகம் வந்தாலும் மருந்தைக் கொடுத்துவிடுங்கள். தேவையில்லாமல் நான்கு அழுத்துகள் போனால் சிறிது நேரம் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான். பம்ப் பழக்கமாகிவிடும் என்று எங்கள் உறவினர் சிலரே இன்றும் சொல்கிறார்கள். வைத்தியரிடம் கேட்டேன், அப்படி இல்லை என்று தெளிவாகச் சொன்னார். சுடுநீர், தைலம் பூசுதல் போன்றவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். வேறெந்த மாத்திரையும் கொடுக்க வேண்டாம்.

எங்களுக்கு அறிவிப்பது அதற்குப் பிறகே. இப்போது அறுவடைக் காலமாதலால் அவளுடைய தகப்பனார் வெட்டு மெசினுடன் வயலில் நிற்பார், தொலைபேசி கேட்காது. எனக்கும் சில வேளை சிக்னல் கிடைப்பதில்லை. எங்கள் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன முறையில் மருந்து கொடுப்பதற்கும் வைத்தியசாலைக்கு அனுப்புவதற்கும் தாயாகிய நான் இக்கடிதத்தின் மூலம் முழுச் சம்மதம் தருகிறேன். தரம் 8இல் படிக்கும் அவளுடைய அண்ணனுக்குப் பம்ப் கொடுக்கத் தெரியும். அவனையும் கூப்பிடலாம், ஆனால் அவன் வரும் வரை தாமதிக்க வேண்டாம். எங்கள் தொலைபேசி இலக்கங்கள் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் உள்ளன.

அவளுக்கு ஒத்துக்கொள்ளாதவை தூசியும் புகையும் தடிமனும்தான். காலையில் வகுப்பறை கூட்டும் முறையிலிருந்தும் கரும்பலகை துடைப்பதிலிருந்தும் அவளை விலக்கி, தண்ணீர் வைத்தல் போன்ற வேறு வேலை கொடுத்தால் நன்று. வெள்ளிக்கிழமைப் பூசையில் சாம்பிராணிக்குச் சற்று விலகி நிற்கட்டும். நுளம்புக்குப் புகை அடிக்க வரும் நாளை முன்கூட்டியே அறிந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அன்று அவளை வீட்டில் மறித்துக்கொள்கிறேன். அயல் வயல்களில் வைக்கோல் எரிக்கும் நாட்களில் அந்தப் பக்க யன்னலைச் சாத்தினால் போதும்.

விளையாட்டிலிருந்து அவளை நிறுத்த வேண்டாம். ஓடுவதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு முன் இரண்டு அழுத்துகள் எடுத்து, சற்றே உடலைச் சூடாக்கிக்கொண்டால் ஓடலாம் என்று வைத்தியர் அனுமதித்துள்ளார். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றர் ஓட வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை.

முட்டுக்காகப் பம்ப் பாவித்த நாளில் எத்தனை அழுத்துகள் என்று அவளுடைய கொப்பியில் ஒரு வரி எழுதிவிட்டால் உதவியாக இருக்கும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் கிளினிக் திகதி வரை பாராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வரும் திங்கட்கிழமை காலை 7.15க்கு, மணி அடிப்பதற்கு முன், பெட்டியுடன் வகுப்புக்கு வருகிறேன். ஸ்பேசரைப் பொருத்தும் விதத்தைத் தங்களுக்கும், தாங்கள் விடுமுறையில் இருக்கும்போது வகுப்பைப் பார்க்கும் ஆசிரியருக்கும் காட்டித் தர ஐந்து நிமிடம் ஒதுக்கித் தந்தால் மிகவும் நன்றியுடையவளாவேன்.

தங்கள் உண்மையுள்ள,
சி. வனிதா
(அபிஷாவின் தாய்)

இணைப்பு: கிளினிக் கொப்பிப் பக்கத்தின் பிரதி